ஒரே கைமுதலில் ஐந்து பந்தயம்: கெல்லி கணக்கில் நடக்கும் தவறுகள்

கிண்டி ரேஸுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் நானும் ஒரு நண்பரும் ரேஸ் புக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு காலையிலேயே அன்றைய பந்தயங்களை எல்லாம் முடிவு செய்துவிடுவோம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு போடுவது என்பதைக் கெல்லி சூத்திரத்தால் கணக்கிடுவோம். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி 1956-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது.

```
f = (b*p - q) / b
```

f கைமுதலில் போட வேண்டிய பங்கு, p ஜெயிக்கும் வாய்ப்பு, q தோற்கும் வாய்ப்பு, b ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் லாபம். நூறு போட்டால் நூறு லாபம் தரும் குதிரைக்கு 60% வாய்ப்பு என்று நீங்கள் கணித்தால், கைமுதலில் 20% போடச் சொல்லும். ஆனால் இந்தச் சூத்திரம் ஒரு பந்தயம் முடிந்து, பணம் கைக்கு வந்து, பிறகு அடுத்ததைப் போடுபவருக்கானது. முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது.

கைமுதல் ₹10,000. இதே போன்ற ஐந்து குதிரைகள், ஐந்து வெவ்வேறு ரேஸ்கள், ஐந்துக்கும் காலையிலேயே பணம் கட்டியாக வேண்டும். தலைக்கு ₹2,000 என்று கட்டினால் கையில் ஒரு பைசா இருக்காது. ஐந்தும் தோற்க 1% வாய்ப்பு இருக்கிறது. நூறு நாளில் ஒரு நாள் வருவதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு நாள் வந்தால் கைமுதல் பூஜ்யம், அதன்பின் வளர எதுவுமில்லை.

சரியான அளவைக் காண, ஐந்து பந்தயத்துக்கும் உள்ள 32 முடிவுகளையும் எக்ஸெலில் வரிசையாக எழுதுங்கள். A-யில் அந்த முடிவின் வாய்ப்பு, B-யில் அன்று மாலை கையில் மிஞ்சும் பணம்.

```
=SUMPRODUCT(A2:A33, LN(B2:B33))
```

கெல்லி முறை உச்சமாக்கப் பார்ப்பது மிஞ்சும் பணத்தின் லாகரிதச் சராசரியை, அதுதான் இந்த எண். அது எந்த அளவில் உச்சத்தைத் தொடுகிறது என்று எக்ஸெலின் சால்வரில் தேடினால், தலைக்கு ஏறக்குறைய ₹1,650 என்று வரும். மொத்தம் ₹8,250. தலைக்கு ₹2,000 போட்டுப் பாருங்கள், `#NUM!` என்று வரும். பூஜ்யத்துக்கு லாகரிதம் கிடையாது, அளவு மீறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டே பந்தயம் என்றால் 20% என்பது 19.2% ஆகத்தான் குறையும், கவலைப்பட அதிகமில்லை.

முதல் குதிரைக்கு 20% போட்டுவிட்டு, மீதி ₹8,000-இல் 20% அடுத்ததற்கு என்று போடுபவர்களும் உண்டு. சம தகுதியுள்ள இரண்டு குதிரைகளில், பட்டியலில் முன்னால் இருப்பதற்கு ₹2,000, பின்னால் இருப்பதற்கு ₹1,600. அந்த வித்தியாசத்துக்கு எந்தக் காரணமும் இல்லை.

பெரிய சேதம் வேறு இடத்தில் வரும். மேலே உள்ள கணக்கு ஒன்றின் முடிவு இன்னொன்றைத் தொடாது என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு டிசம்பரில், இரவெல்லாம் மழை, டிராக் ஈரமாக இருக்கும் என்று நம்பி, ஈரத்தில் நன்றாக ஓடும் இரண்டு குதிரைகளைத் தேர்ந்தெடுத்தோம். மதியத்துக்குள் வெயில் அடித்து டிராக் காய்ந்துவிட்டது. இரண்டும் தோற்றன. நாங்கள் இரண்டு பந்தயம் கட்டியதாக நினைத்தோம், உண்மையில் மழை மேல் ஒரே பந்தயத்தை இரண்டு சீட்டில் கட்டியிருந்தோம்.

இரண்டும் முழுக்கச் சேர்ந்தே ஜெயித்து, சேர்ந்தே தோற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 20% என்றால் 40% ஒரே பந்தயத்தில் போகிறது. 100 சுற்றில் சரியாக 60 ஜெயித்தாலும் ₹10,000 என்பது ₹7,800 ஆகச் சுருங்கும். இரண்டுக்கும் சேர்த்து 20% மட்டும் போட்டிருந்தால் அதே 60 வெற்றியில் ₹75,000-ஐ நெருங்கியிருக்கும். கணிப்பு ஒன்றுதான், போட்ட அளவு மட்டுமே வேறு. அதனால் ஒவ்வொரு சீட்டுக்குப் பக்கத்திலும் அதை ஏன் எடுத்தேன் என்று ஒரு வரி எழுதுகிறேன். ஒரே காரணம் இரண்டு இடத்தில் வந்தால் இரண்டையும் ஒரே பந்தயமாகக் கருதி, தொகையைப் பிரித்துப் போடுகிறேன்.

சேர்த்துப் போட்டால் எப்போதும் குறைக்க வேண்டும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் தவறு. ஒரே ரேஸில் இரண்டு குதிரைகளை எடுங்கள். முதலாவதற்கு 40% வாய்ப்பு, ஒன்றுக்கு இரண்டு லாபம். அடுத்ததற்கு 30% வாய்ப்பு, ஒன்றுக்கு மூன்று லாபம். தனித்தனியே பார்த்தால் ₹1,000-உம் ₹667-உம் வரும். சேர்த்துக் கணக்கிட்டால் ₹1,600-உம் ₹1,200-உம் வரும். ஒன்று தோற்கும்போதுதான் மற்றது ஜெயிக்க முடியும், எனவே ஒன்றுக்கொன்று காப்பு. எந்தக் குதிரை வந்தாலும் கையில் ₹12,000 நிற்கும், இரண்டும் வராவிட்டால் ₹7,200. இந்தக் கணக்கு, பணம் கட்டும்போதே விலை உறுதியாகிவிடும் புக்கியிடம்தான் பொருந்தும். எல்லோரும் கட்டும் பணத்தைத் திரட்டி ஜெயித்தவர்களுக்குப் பிரித்துத் தரும் டோட்டில் கடைசி வரை விலை மாறிக்கொண்டே இருப்பதால், b என்னவென்று காலையில் யாருக்கும் தெரியாது.