ரீசெட்டுக்கு முன் ஒட்டிப்போன கான்டாக்டரைப் பிடிக்க

சேஃப்டி ரிலேயின் ஃபீட்பேக் டெர்மினலில் (சில மாடல்களில் Y1, Y2) போட்டிருக்கும் ஜம்பரை எடுத்துவிட்டு, ஒரே மோட்டாருக்குச் சீரிஸில் இருக்கும் இரண்டு கான்டாக்டர்களின் என்.சி. காண்டாக்ட்டுகளையும் அங்கே சீரிஸில் கொடுங்கள். செலவு சில துண்டு வயர்தான்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தும்போது ஒரு கான்டாக்டரின் காண்டாக்ட் வெல்டாகி ஒட்டிக்கொண்டாலும், மற்றது விழுந்து மோட்டார் நின்றுவிடும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும், ஆபத்தே அதுதான்: அடுத்ததும் ஒட்டினால் மோட்டார் நிற்காது. ஒட்டிய கான்டாக்டரின் என்.சி. மூடாது என்பதால், இந்த வயரிங் இருந்தால் ரிலே ரீசெட் ஆகாது.

சோதிக்க, மோட்டார் பவரை ஐசொலேட் செய்து, ஃபீட்பேக் வயர் ஒன்றைக் கழற்றி ரீசெட் அழுத்துங்கள். ரிலே எடுத்தால் ஜம்பர் இன்னும் எங்கோ இருக்கிறது.

என்.சி. 'மிரர் காண்டாக்ட்' வகையாக, அதாவது மெயின் காண்டாக்ட் ஒட்டியிருக்கும்வரை மூடவே முடியாததாக இருக்க வேண்டும். சாதாரண இன்டர்போசிங் ரிலேயின் என்.சி.யை நம்பக்கூடாது. சேஃப்டி பி.எல்.சி.யில் இந்த வயர் தனி இன்புட்டுக்குப் போகும், புரோகிராமில் ஃபீட்பேக் பிளாக்கும் வேண்டும். ஒன்றிரண்டு ஸ்டாப் பட்டன் மட்டும் உள்ள மெஷினுக்கு ரிலேயே போதும் என்பேன். பகுதி பகுதியாக நிறுத்த வேண்டிய லைனுக்குத்தான் பி.எல்.சி.

கான்டாக்டர் இல்லாமல் டிரைவின் எஸ்.டி.ஓ. வழியாக நிறுத்தும் மெஷினுக்கு இது பொருந்தாது. அங்கே டிரைவ் மேனுவல் சொல்வதுதான்.