வாட்ச் பேட்டரியின் குறியீட்டைப் படித்து, சரியான மாற்று செல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முள் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் ஒன்று நின்றுவிட்டது, பின்மூடியைத் திறந்துவிட்டீர்கள், உள்ளே பொத்தான் அளவில் ஒரு செல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் பொடியாகச் சில எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் எந்த செல் வேண்டும் என்பதில் முக்கால் பங்கு முடிந்துவிடும். மீதிக் கால் பங்கு, உள்ளே இருந்த செல்லே சரியானதுதானா என்று பார்ப்பது. பெரும்பாலானவர்கள் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

முதலில், எடுக்கும் முன் ஒரு படம்

செல்லை வெளியே எடுப்பதற்கு முன் கைபேசியில் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். எழுத்து பொறித்த தட்டையான பக்கம்தான் பிளஸ். பெரும்பாலான வாட்ச்களில் அது உங்களைப் பார்த்தபடி இருக்கும். சிலவற்றில் தலைகீழாக இருக்கும். செல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய தகடு எந்தப் பக்கமாக வளைந்திருக்கிறது என்பதும் படத்தில் பதிவாகிவிடும். திரும்பப் பொருத்தும்போது இந்த ஒரு படம் ரொம்ப உதவும்.

செல்லை பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். உலோக இடுக்கியின் இரு முனைகளும் பிளஸையும் மைனஸையும் ஒன்றாகத் தொட்டால் செல் ஷார்ட் ஆகும். பழைய செல்லுக்கு அதனால் நஷ்டமில்லை. புது செல்லைப் பொருத்தும்போது அப்படி நடந்தால், அதன் ஆயுளில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

குறியீட்டைப் பிரித்துப் படிப்பது

இப்போது பூதக்கண்ணாடியில் பாருங்கள். கை வாட்ச்களில் அடிக்கடி தென்படும் ஒரு குறியீட்டையே எடுத்துக்கொள்வோம்:

```
SR626SW
```

இதை நான்கு துண்டாக உடைக்கலாம்: S, R, 626, SW.

முதல் எழுத்து, உள்ளே என்ன வேதிப்பொருள் என்று சொல்கிறது. S என்றால் சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட். L என்றால் அல்கலைன், 1.5 வோல்ட். C என்றால் லித்தியம், 3 வோல்ட். இரண்டாவதாக வரும் R, செல் வட்டமானது என்று மட்டும் சொல்கிறது. அதைத் தாண்டிப் போய்விடலாம்.

அடுத்து வரும் எண்தான் அளவு. இதை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். கடைசி இரண்டு இலக்கம் உயரம், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக. 26 என்றால் 2.6 மி.மீ. அதற்கு முன்னால் மிஞ்சுவது விட்டம், முழு மில்லிமீட்டரில். இங்கே ஒரு சிறு சிக்கல் உண்டு. விட்டத்தில் புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். அதனால் 6 என்று இருந்தாலும் உண்மையான விட்டம் 6.8 மி.மீ. இதே போல 7 என்பது 7.9 மி.மீ., 9 என்பது 9.5 மி.மீ., 11 என்பது 11.6 மி.மீ. அளந்து பார்த்து 'எண் பொருந்தவில்லையே' என்று குழம்ப வேண்டாம்.

லித்தியம் செல்லில் இன்னும் சுலபம். CR2016 என்றால் 20 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. உயரம். CR2025 அதே விட்டம்தான், உயரம் 2.5 மி.மீ. கேசியோவின் F-91W டிஜிட்டல் வாட்ச்சுக்கு வேண்டியது CR2016. 'இதுவும் 3 வோல்ட்தானே' என்று அதில் CR2025-ஐ வைத்தால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் அதிக உயரம் பின்மூடிக்கு அடியில் அகப்பட்டுக்கொள்ளும்.

இந்த முறைக்கு அடங்காத பெயர்களும் உண்டு. SR44, LR44 என்பவற்றில் வரும் 44 அளவு அல்ல, வெறும் வரிசைப் பெயர். அந்த செல் 11.6 மி.மீ. விட்டமும் 5.4 மி.மீ. உயரமும் கொண்டது. எண்ணில் இரண்டே இலக்கம் இருந்தால், அதை அளவாகப் படிக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வரும் SW, W

SW என்று முடிந்தால், கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுக்கும் வாட்ச்சுக்கான செல். முள் மட்டும் ஓடுவதற்கு ஏற்றது. வெறும் W என்று முடிந்தால், விளக்கு, அலாரம் போன்றவற்றுக்காகத் திடீரென்று கூடுதல் மின்சாரம் கேட்கும் வாட்ச்சுக்கானது. இரண்டும் அளவில் ஒன்றேதான், உள்ளே இருக்கும் திரவம்தான் வேறு. விளக்கு உள்ள டிஜிட்டல் வாட்ச்சில் SW வகையை வைத்தால், பொத்தானை அழுத்தும்போது திரை மங்கும் அல்லது நேரம் அழிந்து முதலிலிருந்து தொடங்கும். அப்படி நடந்தால் வாட்ச் பழுது என்று முடிவு கட்டும் முன் செல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள்.

மூன்று இலக்க எண் மட்டும் இருந்தால்

சில செல்களில் எழுத்தே இருக்காது, 377 என்று மட்டும் இருக்கும். இது SR626SW-இன் இன்னொரு பெயர். அதன் W வகைக்கு 376 என்று பெயர். இந்த எண்ணுக்குள் அளவு ஒளிந்திருக்கவில்லை, அட்டவணையில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி தேவைப்படும் சில:

```
377 = SR626SW   6.8 x 2.6 mm
364 = SR621SW   6.8 x 2.1 mm
371 = SR920SW   9.5 x 2.05 mm
395 = SR927SW   9.5 x 2.7 mm
```

அட்டையில் 377/376 என்று இரண்டும் சேர்த்து அச்சிட்டிருந்தால், அந்த ஒரே செல் இரண்டு வேலைக்கும் ஆகும் என்று பொருள். 0%Hg என்று எங்காவது தெரிந்தால் அது பாதரசம் இல்லை என்ற அறிவிப்பு மட்டுமே; அளவோடு அதற்குச் சம்பந்தமில்லை.

அல்கலைனை ஏன் வேண்டாம் என்கிறேன்

377-இன் அதே அளவில் AG4, LR626 என்ற பெயர்களில் அல்கலைன் செல் கிடைக்கும். சில அட்டைகளில் 377A என்றுகூடப் போட்டிருப்பார்கள். அந்த A-யைக் கவனிக்காமல் வாங்குவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. செல் கச்சிதமாக உட்காரும், வாட்ச்சும் ஓடும்.

வித்தியாசம் பிறகுதான் தெரியும். சில்வர் ஆக்சைடு செல் தன் ஆயுள் முழுக்க ஏறக்குறைய ஒரே வோல்டேஜைக் கொடுத்துக்கொண்டிருந்து, முடியும்போது சட்டென்று இறங்கும். அல்கலைன் முதல் நாளிலிருந்தே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வரும். வோல்டேஜ் குறையும்போது முள்ளைத் தள்ளும் குட்டி மோட்டார் சில அடிகளைத் தவறவிடலாம்; வாட்ச் பின்தங்கும். கொள்ளளவும் குறைவு. எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது கசிவு. தீர்ந்துபோன அல்கலைன் செல் கசியும் வாய்ப்பு அதிகம். அந்தத் திரவம் மெஷினின் தொடு தகடுகளை அரித்துவிட்டால், செல் மாற்றுவதோடு வேலை முடியாது. செல்லின் விளிம்பில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி தெரிந்தால் அது கசிவின் அடையாளம்.

உள்ளே இருந்ததே தவறாக இருந்தால்

சில மாதம் முன்பு என் அத்தை தன் வாட்ச்சைக் கொடுத்தார். 'கையை வீசினா நின்னுடுதுப்பா, தட்டினா ஓடுது' என்றார். மூடியைத் திறந்தேன். செல்லில் 364 என்று தெளிவாக இருந்தது. அதே எண்ணில் புதிது வாங்கிப் போட்டிருந்தால் வாட்ச் அதே போலத்தான் நின்று நின்று ஓடியிருக்கும்.

சந்தேகம் வரக் காரணம், செல்லின் மேல் நான்காக மடித்து வைத்திருந்த ஒரு துண்டு அலுமினியத் தாள். முன்பு யாரோ, பிடித்துக்கொள்ளும் தகடு செல்லைத் தொடாததால் இடைவெளியை நிரப்ப அதை வைத்திருக்கிறார்கள். மெஷினின் தகட்டில் பார்த்தேன். மெஷின் தயாரிக்கும் நிறுவனமான மியோட்டாவின் பெயரும், 2035 என்ற மெஷின் எண்ணும் பொறித்திருந்தன. இந்த மெஷினுக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் செல் SR626SW, அதாவது 377.

மேலே உள்ள அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். 364-க்கும் 377-க்கும் விட்டம் ஒன்றே, 6.8 மி.மீ. உயரத்தில் மட்டும் அரை மில்லிமீட்டர் குறைவு. அதனால் குழியில் அழகாக உட்கார்ந்துவிடும், மேலே தகடு மட்டும் எட்டாது. அதிர்வு வரும்போதெல்லாம் இணைப்பு விட்டுப்போகும். தாளை எடுத்துவிட்டு 377-ஐ வைத்தேன். தகடு செல்லின் மேல் லேசாக அழுத்தி நின்றது, வினாடி முள் உடனே நகர்ந்தது. அதன் பிறகு அத்தையிடமிருந்து புகார் வரவில்லை.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசம். 364 வைக்க வேண்டிய இடத்தில் 377-ஐ வைத்தால், பின்மூடி சிரமப்பட்டு மூடும். அப்படி அழுத்தி மூடினால் தகடு வளையும், மெஷினும் நசுங்கலாம். மூடி வழக்கத்தை விடக் கடினமாக இருந்தால் அங்கேயே நிறுத்தி உயரத்தைச் சரிபாருங்கள்.

ஆகவே வரிசை இதுதான்: பின்மூடியின் உட்புறத்திலோ மெஷினிலோ செல்லின் பெயர் அல்லது மெஷின் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதுவே கடைசி வார்த்தை. செல்லில் இருப்பது அதோடு ஒத்துப்போனால் அதே எண்ணை வாங்குங்கள். எதுவும் தெரியவில்லை, செல்லின் எழுத்தும் தேய்ந்துவிட்டது என்றால், வெர்னியரால் அளந்து அட்டவணையில் பொருத்துங்கள். உலோக வெர்னியரால் உயரத்தை அளக்கும்போது அதன் தாடைகள் பிளஸையும் மைனஸையும் இணைத்துவிடும். புது செல்லை அளப்பதானால் பிளாஸ்டிக் வெர்னியர் நல்லது.

வேறு வகை செல்லுக்கு மாற்றவே கூடாத சில

ஒளியிலோ கையசைவிலோ சார்ஜ் ஆகும் வாட்ச்களுக்குள் இருப்பது சாதாரண செல் அல்ல, சார்ஜ் ஏற்றக்கூடிய செல். அதில் CTL1616, MT621 போன்ற எழுத்துகள் இருக்கும். CTL1616-க்குப் பதிலாக அதே அளவுள்ள CR1616-ஐ வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். CR வகை சார்ஜ் ஏற்றுவதற்கானது அல்ல. வாட்ச் அதற்கு மின்சாரம் ஏற்ற முயலும்போது செல் உப்பி வெடிக்கவும் கூடும். டயலில் சோலார் என்றோ கைனெடிக் என்றோ எழுதியிருந்தால், பழைய செல்லில் உள்ள எழுத்தோடும் எண்ணோடும் அப்படியே பொருந்தும் செல்லை மட்டும் வாங்குங்கள்.

எடுத்த பழைய செல்லை மேசையில் விட்டுவிடாதீர்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் அதை விழுங்கிவிடும். குறிப்பாக 20 மி.மீ. லித்தியம் செல் உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். பிளஸ், மைனஸ் இரண்டு பக்கத்தையும் ஒட்டுநாடாவால் மூடி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.