தோளில் நுனி துள்ளும் முடி: வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமங்கலத்தில் என் பார்லருக்குத் தொழில் கற்க வரும் பெண்கள் கத்தரி பிடிக்கவும் செக்‌ஷன் பிரிக்கவும் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். ஆனால் தோள்வரை முடி வெட்டச் சொன்னால், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளை அப்படியே செய்கிறார்கள். வெட்டி முடித்து ட்ரையரால் உள்பக்கம் சுருட்டி அனுப்பும்போது எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அடுத்த நாள் தலை குளித்ததும் நுனி முழுக்க வெளியே வளைந்து நிற்கும். "அக்கா, இந்தப் பக்கம் பூரா தூக்கிட்டு நிக்குது" என்று வாடிக்கையாளர் திரும்ப வருவார்.

கோணல் மாணலாக வெட்டுவது, மொட்டைக் கத்தரி, இதெல்லாம் யாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

தோள்மேலேயே நீளத்தை நிறுத்துவது

நுனி துள்ளுவதற்கு முதல் காரணம் தோள்தான். நேராகத் தொங்கும் முடி தோளில் வந்து முட்டுகிறது. மேற்கொண்டு இறங்க வழியில்லாததால் தோளின் சரிவில் வழுக்கி வெளிப்பக்கம் திரும்புகிறது. தோளைத் தாண்டி இரண்டு மூன்று செ.மீ. மட்டும் இருக்கும் நுனிக்குத் தன்னைக் கீழே இழுத்துக்கொள்ளும் கனம் கிடையாது. அதனால் தோளைத் தொடும் இடத்திலிருந்து நாலைந்து செ.மீ. கீழே வரைக்கும் உள்ள இடத்தில் நுனியை நிறுத்தாதீர்கள். காய்ந்தபின் தோளுக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே நிற்க வேண்டும். இல்லையென்றால் காறை எலும்பைத் தாண்டி மூன்று விரல் இறங்கியிருக்க வேண்டும்.

இந்த அளவை ஒருவரிடம் எடுத்து இன்னொருவருக்கு வைக்க முடியாது. கழுத்து குட்டையானவருக்குத் தோள் சீக்கிரம் வந்துவிடும். துப்பட்டாவையும் கழுத்தில் கட்டும் துணியையும் எடுத்துவிட்டு, கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்காரச் சொல்லி, முடி காய்ந்திருக்கும்போதே சீப்பை வைத்துத் தோள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கால்மேல் கால் போட்டிருந்தால் ஒரு தோள் ஏறிவிடும். அப்படி வெட்டினால் ஒரு பக்கம் மட்டும் துள்ளும்.

ஈரத்தில் பார்த்த நீளத்தை நம்புவது

அலை முடி காய்ந்தால் ஏறும். காதுக்குப் பின்னால் ஒரு கற்றையை ஈரத்தில் பார்த்துவிட்டு, அதை மட்டும் காயவைத்து எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். மூன்று செ.மீ. ஏறினால் அந்த மூன்று செ.மீ.யைக் கூட்டி வைத்துத்தான் வெட்ட வேண்டும். காறை எலும்புக்குக் கீழே வெட்டியதாக நினைத்த முடி காய்ந்து சரியாகத் தோளில் வந்து உட்காருவது இப்படித்தான்.

துள்ளும் நுனியைத் தின்னிங் கத்தரியால் அடக்கப் பார்ப்பது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றுக்குத்தான். போன மாதம்கூட, கற்க வந்த ஒரு பெண் துள்ளும் நுனியைப் பார்த்ததும் நேராகத் தின்னிங் கத்தரியை எடுத்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். "அடர்த்தியா இருக்குல்லக்கா, கொஞ்சம் குறைச்சா படிஞ்சிரும்ல?" என்றாள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். நல்ல அடர்த்தியான, தடித்த முடி. காய்ந்தபின் நுனி தோளுக்கு இரண்டு செ.மீ. கீழே இருந்தது. துள்ளுவதற்கென்றே அமைந்த நீளம். நான் நீளத்தைப் பார்க்கவில்லை, அடர்த்தியைத்தான் பார்த்தேன். நுனியிலிருந்து ஐந்து செ.மீ. உயரம் வரை சுற்றிலும் தின்னிங் போட்டேன். அன்றைக்கு ட்ரையர் சூட்டில் படிந்தது. மூன்றாம் நாள் முன்பைவிட மோசமாக விரிந்துபோய் வந்தாள்.

நடந்தது இதுதான். நுனியை இழுத்துப் பிடித்திருந்த கனம் போய்விட்டது. உள்ளே துண்டு துண்டாக நின்ற குட்டை முடிகள், தடித்த முடி என்பதால், விறைத்துக்கொண்டு மேலே உள்ள நீள முடியை வெளியே தள்ளின.

இதைச் சரிசெய்ய இரண்டே வழி இருந்தது. தின்னிங் போட்ட ஐந்து செ.மீ.யையும் எடுத்துவிட்டால் முடி தோளுக்கு மூன்று செ.மீ. மேலே போய் நன்றாகவே படியும். ஆனால் பத்து நாளில் அவளுடைய அக்கா கல்யாணம், சடை பின்னிப் பூ வைக்க வேண்டும் என்றாள். இல்லையென்றால் வளர விட வேண்டும். முடி மாதத்துக்கு ஒரு செ.மீ. அளவுதான் வளரும். தோளுக்குக் கீழே எட்டு செ.மீ. வர ஆறு மாதம் ஆகும். அதற்கு நடுவில் நுனியைச் சீர்செய்தால் அந்தக் கணக்கும் நீளும். அவள் வளர விடுகிறேன் என்றாள். கல்யாணத்தன்று சவுரி வைத்துப் பின்னியும், குட்டை முடிகள் பின்னலிலிருந்து குத்திக்கொண்டு வெளியே நின்றன. ஐந்து நிமிடத்தில் நான் செய்த வேலைக்கு அவள் அரை வருடம் காத்திருந்தாள்.

அடர்த்தியைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், காதுக்குக் கீழே உள் அடுக்கில் மட்டும் ஒன்றிரண்டு தடவை கத்தரியை மூடுங்கள். மேலடுக்கையும் கடைசி ஐந்து செ.மீ.யையும் தொடாதீர்கள். தோளைத் தொடும் நீளத்தை மாற்றாமல் தின்னிங் கத்தரி பக்கமே போகாதீர்கள்.

விரலைத் தூக்கிப் பிடித்து வெட்டுவது

தோளுக்கு மேலே நிற்கும் பாப் கட்டிலும் நுனி துள்ளுகிறது என்றால் அடுக்கைப் பாருங்கள். கற்றையை உங்கள் பக்கம் தூக்கிப் பிடித்து வெட்டினால், விட்டதும் வெளி அடுக்கின் நுனி உள் அடுக்கைவிட மேலே போய் நிற்கும். உள்ளே இருக்கும் நீளமான முடி அதை வெளியே தள்ளும். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். உள்ளே இருப்பது இம்மியளவு குட்டையாக இருந்தால் மேலே உள்ளது அதன்மேல் கவிந்து உள்பக்கம் திரும்பும்.

தலையை முன்னால் நன்றாகக் குனிய வைத்து, பிடரியிலிருந்து ஒன்றரை செ.மீ. கனத்தில் குறுக்காகக் கற்றை எடுங்கள். தூக்காமல் கழுத்தோடு ஒட்டிச் சீவி வெட்டுங்கள். அடுத்த கற்றையை அதன்மேல் இறக்கி, கீழ்க்கோட்டைவிட இரண்டு மில்லிமீட்டர் நீளமாக விட்டு வெட்டுங்கள். உச்சி வரை இப்படியே ஏற வேண்டும். பக்கங்களுக்கு வரும்போது தலையை நிமிர்த்திவிடுங்கள்.

பிடரியில் சுழி இருந்தால் அந்த இடம் மட்டும் இதற்கும் அடங்காது. அங்கே முடியை நீளமாக விட்டுக் கனத்தால்தான் அமுக்க முடியும்.

ரேசரை வெளிப்பக்கம் வைப்பது

ரேசர் எந்தப் பக்கம் சீவுகிறதோ அந்தப் பக்கம்தான் நுனி வளையும். உள்பக்கம் வையுங்கள்.

ட்ரையரால் மறைத்து அனுப்புவது

பிரஷ் இல்லாமல் கையால் கோதிக் காயவைத்து, எழுந்து நிற்கச் சொல்லி, தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். அப்போது துள்ளினால் நீளமோ அடுக்கோ தப்பு. நாற்காலியை விட்டு எழுந்து போவதற்குள் சரிசெய்யுங்கள்.

மறுபடி எப்போது வரவேண்டும் என்று சொல்லாமல் விடுவது

தோளுக்கு இரண்டு செ.மீ. மேலே வெட்டிய முடி இரண்டு மாதத்தில் தோளைத் தொட்டுவிடும். அது வெட்டின தவறில்லை, ஆனால் வீட்டில் இருப்பவருக்கு அது தெரியாது. "ஆறேழு வாரத்துல வந்துருங்க. வளக்கப்போறீங்கன்னா, தோளைத் தாண்டுற வரைக்கும் நாலஞ்சு மாசம் பின்னியோ கிளிப் போட்டோ வச்சுக்கங்க. அதுக்குள்ள இங்கிட்டு அங்கிட்டு போயி நுனியை மட்டும் குறைக்காதீங்க, தோள்லயே நின்னுபோகும்" என்று பணம் வாங்கும்போதே சொல்லி அனுப்புகிறேன்.