வாய்மொழி வரலாற்றுப் பதிவுக்குப் பட்டியல் குறிப்பு: தேதி, பொருள் தலைப்பு, அனுமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலிப்பதிவைக் காகிதக் கட்டு மாதிரிப் புரட்டிப் பார்க்க முடியாது. ஒன்றே முக்கால் மணி நேரப் பதிவில் தனக்கு வேண்டியது இருக்கிறதா என்று ஆய்வாளர் முடிவு செய்வது, பட்டியலில் உள்ள சில வரிகளைப் படித்துத்தான். அந்த வரிகளில் எங்கே பிழை நுழைகிறது என்பதை ஒரு மாதிரிப் பதிவை வைத்துப் பார்ப்போம்.

பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி பேசுகிறார். பிறந்தது 1941. பதிவு செய்த நாள் 2009 மார்ச் 14. இரண்டு கோப்புகள்: முதலாவது 58 நிமிடம் 20 விநாடி, இரண்டாவது 46 நிமிடம் 5 விநாடி. பட்டியல் எழுதப்படுவது 2023இல்.

முதல் தவறு தேதிப் புலத்தில் நடக்கிறது. ‘தேதி: 2009’ என்று மட்டும் எழுதிவிட்டால், 1960களின் ஆலை வாழ்க்கையைத் தேடுபவருக்கு இந்தப் பதிவு கண்ணில் படாது. சிலர் பேச்சில் வரும் காலத்தை எடுத்து ‘1957–1999’ என்று போடுவார்கள். அப்போது அது அந்தக் காலத்திலேயே செய்த பதிவு என்று தோன்றும். இன்னும் சிலர் டிஜிட்டலாக மாற்றிய ஆண்டைப் பதிவுத் தேதியாக எழுதிவிடுவார்கள். கோப்பின் பண்புகளில் கணினி காட்டும் தேதி பெரும்பாலும் இதுதான், அதை நம்பக்கூடாது. பதிவு செய்த நாள், பேச்சில் வரும் காலம், டிஜிட்டலாக மாற்றிய நாள் ஆகிய மூன்றும் வேறு வேறு புலங்களில் இருக்க வேண்டும். நூலகப் பட்டியலுக்கான மார்க் முறையில் பதிவு செய்த நாளும் இடமும் 518ஆம் புலத்துக்குப் போகும், பேச்சில் வரும் காலத்துக்கு 045 இருக்கிறது. வெறும் விரிதாள் வைத்திருப்பவர்களுக்கு மூன்று பத்திகள் போதும்.

இரண்டாவது தவறு நுட்பமானது. ‘ஆலையை மூடிப் பத்து வருஷம் ஆச்சு’ என்கிறார் அவர். 2023இல் உட்கார்ந்து கேட்பவர் கவனமில்லாமல் 2013 என்று எழுதிவிடுகிறார். பேசியவரின் ‘இப்போது’ 2009. அதிலிருந்து எண்ணினால் 1999. அதுவும் உத்தேசம்தான், பேச்சில் வரும் ‘பத்து வருஷம்’ எட்டாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். வயதைச் சொல்லும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். ‘பதினாறு வயசில் ஆலைக்குப் போனேன்’ என்றால் 1957 என்று முடிவு கட்டக்கூடாது. 1941இல் பிறந்தவருக்குப் பதினாறு வயது 1957, 1958 இரண்டிலும் ஓடும்.

மூன்றாவது, பேசியவரைச் சத்தமில்லாமல் திருத்துவது. வேலைநிறுத்தம் நடந்தது ‘அறுபத்து நாலில்’ என்கிறார். இருபது நிமிடம் கழித்து, அப்போது மூத்த மகனுக்கு ஒரு வயது என்கிறார். மகன் பிறந்ததோ 1965. பட்டியலாளர் இதை வைத்து 1966 என்று மாற்றி எழுதினால், கேட்பவர் பதிவில் 1964 என்று கேட்டுக் குழம்புவார். மாற்றாமல் 1964 என்று மட்டும் விட்டால் பிழை பரவும். இரண்டையும் எழுதுவதே சரி: ‘வேலைநிறுத்தம் 1964இல் நடந்ததாகச் சொல்கிறார், மகனின் வயதை வைத்துப் பார்த்தால் 1966 அல்லது 1967 ஆக வேண்டும்.’ நினைவு எந்த ஆண்டோடு எதை ஒட்டவைத்திருக்கிறது என்பதே சில ஆய்வாளர்களுக்கு வேண்டிய செய்தி. அதை நாம் அழிக்கக்கூடாது.

கணினி தேடுவதற்கு, நீட்டிக்கப்பட்ட தேதி வடிவத்தில் இவற்றை இப்படிக் குறிக்கலாம்:

```
1999~         உத்தேசம்
[1957,1958]   இரண்டில் ஒன்று
[1964,1966,1967]   மூன்றில் ஒன்று
196X          1960களில், ஆண்டு தெரியவில்லை
```

குறியீடு மட்டும் இருந்தால் மனிதருக்குப் புரியாது. பக்கத்தில் தமிழில் ஒரு வரி கட்டாயம்.

பொருள் தலைப்புகளில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஆசையால் வருவது. காதில் விழுந்த சொல்லையெல்லாம் தலைப்பாக்கிவிடுகிறோம். ‘போர் நடந்த சமயம், ஆலையில் விளக்கை அணைக்கச் சொல்வார்கள்’ என்று ஒரே வாக்கியம் வருகிறது. ‘போர்’ என்று தலைப்புப் போட்டால், போரைப் பற்றித் தேடுபவர் முழுப் பதிவையும் கேட்டுவிட்டு ஏமாந்து போவார். நாங்கள் வைத்திருக்கும் அளவு இது: ஒரு விஷயம் தொடர்ந்து மூன்று நிமிடமாவது பேசப்பட்டிருக்க வேண்டும், அல்லது குறைந்த நேரமே ஆனாலும் வேறெங்கும் கிடைக்காத விவரம் இருக்க வேண்டும். மற்றவை நேரக்குறியோடு சுருக்கத்தில் ஒரு வரியாக வந்தால் போதும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ‘வாழ்க்கை’, ‘நினைவுகள்’, ‘பெண்கள்’ என்பவை தொகுப்பிலுள்ள பாதிப் பதிவுகளுக்குப் பொருந்தும், எதையும் பிரித்துக் காட்டாது. ‘பஞ்சாலைத் தொழிலாளர்கள்’, ‘இரவுப் பணிமுறை’, ‘வேலைநிறுத்தங்கள்’ என்று இறங்கி வர வேண்டும். பேசுபவர் ஒரு இயந்திரத்துக்கோ வேலைக்கோ தன் ஆலையில் வழங்கும் ஒரு பெயர் சொன்னால், அது சுருக்கத்தில் அப்படியே இருக்கட்டும். தலைப்புப் புலத்தில் மட்டும் பட்டியலின் நிலையான சொல்லைப் போடுங்கள்.

நேரக்குறியிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘00:12:10’ என்று எழுதினால் எந்தக் கோப்பில்? இரண்டாவது கோப்பில் என்றால், தொடர்ச்சியாக எண்ணும்போது அது 01:10:30. எதை வேண்டுமானாலும் பின்பற்றலாம், ஆனால் கோப்பு எண் இல்லாமல் நேரத்தை எழுதவே கூடாது.

இனி அனுமதிக் குறிப்பு. இங்கே நடக்கும் பிழையால் ஆட்களுக்கே தீங்கு நேரும் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டாவது கோப்பில் 00:12:10 முதல் 00:19:40 வரை, மேற்பார்வையாளர் ஒருவர் சக தொழிலாளியிடம் நடந்துகொண்ட விதத்தைப் பெயர் சொல்லிப் பேசுகிறார். ஒப்புதல் படிவத்தில் இந்தப் பகுதியை 30 ஆண்டு மூடிவைக்கக் கேட்டிருக்கிறார். பட்டியலில் வழக்கமாக வருவது ஒரே சொல்: ‘கட்டுப்பாடு உண்டு’. எந்தப் பகுதிக்கு, எதுவரை, யாரைக் கேட்பது என்று எதுவும் தெரியாததால், அடுத்து வரும் ஊழியர் பயந்து முழுப் பதிவையும் மூடிவிடுவார், அல்லது அலட்சியமாக முழுவதையும் திறந்துவிடுவார். எழுத வேண்டியது இது:

‘கோப்பு 2, 00:12:10–00:19:40 மூடப்பட்டுள்ளது. 2039 மார்ச் 15 அன்று திறக்கும். காரணம்: மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம். அடிப்படை: 2009 மார்ச் 14 ஒப்புதல் படிவம். மற்ற பகுதிகளை வாசிப்பறையில் கேட்கலாம். விசாரிக்க: காப்பகப் பொறுப்பாளர்.’

‘பேசியவர் காலத்துக்குப் பிறகு’ என்று படிவம் சொன்னால் திறக்கும் நாள் என்று ஒன்று கிடைக்காது. அப்போது மறுபரிசீலனை ஆண்டு ஒன்றைக் குறித்து, அந்த ஆண்டில் யார் பார்க்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். கேட்க அனுமதி வேறு, நகலெடுத்து வெளியிட அனுமதி வேறு. சர்வதேசக் காப்பக விவரண விதியான ஐசாட் ஜி இவற்றை 3.4.1, 3.4.2 என்று தனித்தனியாக வைக்கிறது. ஒரே வரியில் கலந்தால், கேட்க வந்தவர் வெளியிடவும் உரிமை உண்டென்று நினைத்துக்கொள்வார்.

பூட்டிய பகுதியைப் பட்டியலே கசியவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒலியை மூடிவிட்டு, பொதுச் சுருக்கத்தில் மேற்பார்வையாளரின் பெயரையும் தலைப்பில் ‘பாலியல் தொல்லை’ என்றும் எழுதினால் எதை மூடினோம்? பெயரை எடுத்தாலும் ஆலை, பிரிவு, ஆண்டு மூன்றும் சேர்ந்தால் உள்ளூரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பொதுச் சுருக்கத்தில் ‘மூடிய பகுதி, 7 நிமிடம் 30 விநாடி’ போதும். முழு விவரம் ஊழியர் மட்டும் பார்க்கும் புலத்தில் இருக்கட்டும். எழுத்துப்படி, வசன வரிகள், கோப்புப் பெயர் ஆகியவற்றையும் பாருங்கள். எழுத்துப்படியைத் தேடுபொறி படித்து, அந்த வரியையே தேடல் முடிவில் காட்டிவிடும்.

கேட்கும் நகலில் அந்தப் பகுதியை வெட்டாமல், அதே 7 நிமிடம் 30 விநாடிக்கு மௌனத்தை வையுங்கள். வெட்டினால் அதற்குப் பின்வரும் எல்லா நேரக்குறிகளும் ஏழரை நிமிடம் பிசகும், பட்டியலை வைத்துத் தேடுபவர் தவறான இடத்தில் போய் நிற்பார். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம்.