ஆண்டுக்கு மூன்றே இலக்கு: மலைப்பகுதிச் சிறு நிறுவனத்துக்கு ஒரு செய்முறை

பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஆண்டுத் திட்டம் என்று எழுத உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு வேலைகள் தாளில் வந்துவிடும். அடுத்த ஆண்டு அதே தாளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை பாதியில் நிற்கும். இவற்றையெல்லாம் செய்யக்கூடியவர்கள் அந்த நிறுவனத்தில் இரண்டு மூன்று பேர்தான். அவர்கள் கையில் இருக்கும் நேரத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கே சொல்லப்போகும் முறை அந்த நேரத்தை எண்ணுவதில் தொடங்குகிறது.

விளக்குவதற்காக ஓர் உதாரண நிறுவனம். கோத்தகிரியில் இரண்டு சிறு பாக்டரிகளிடமிருந்து தேயிலைத் தூள் வாங்கி, பாக்கெட் போட்டு விற்கிறார்கள். மொத்தம் 9 பேர். ஆண்டு விற்பனை 96 லட்சம். அதில் சொந்தக் கடையில் 38 லட்சம், குன்னூர், ஊட்டிக் கடைகளுக்குக் கடனில் கொடுப்பது 34 லட்சம், ரிசார்ட்டுகளுக்கு 16 லட்சம், கூரியரில் அனுப்புவது 8 லட்சம்.

1. எப்போது உட்காருவது

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்பதால் ஏப்ரலில் திட்டம் போடலாம் என்று நினைக்க வேண்டாம். அப்போது சீசன். கடையில் நிற்கவே ஆள் போதாது. பொங்கல் முடிந்ததிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரைதான் மலையில் சரியான நேரம். உறைபனியில் இலை வரத்து குறைந்திருக்கும், கூட்டமும் இருக்காது, போன ஆண்டின் கணக்கும் ஏறக்குறைய கையில் இருக்கும். பட்டியலுக்கு ஒரு மதியம், கணக்குக்கு ஒரு வாரம், தேர்வுக்கு இன்னொரு மதியம் போதும்.

2. எல்லாவற்றையும் எழுதுவது

ஒரு வேலைக்கு ஒரு சிறு தாள். புது ஆசைகளோடு, ஏற்கெனவே தொடங்கிப் பாதியில் கிடப்பதையும் எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஆனால் நேரத்தை அதிகம் தின்பது பாதியில் கிடப்பதுதான். ஜிஎஸ்டி தாக்கல், சம்பளம், சரக்கு வாங்குவது போன்ற அன்றாட வேலைகள் இதில் வரக்கூடாது. அவை எப்படியும் நடந்தாக வேண்டியவை.

நம் உதாரணத்தில் 11 தாள்கள் விழுந்தன: கடன் பாக்கியைக் குறைப்பது, ரிசார்ட் வாடிக்கையாளரைக் கூட்டுவது, ஈரம் இழுத்துத் திரும்பி வரும் பாக்கெட்டுகளைக் குறைப்பது, இணையதளத்தைப் புதுப்பிப்பது, ஊட்டியில் இரண்டாவது கடை, சாக்லேட் தயாரிப்பு, சுற்றுலாப் பயணிகளுக்குத் தோட்டம் சுற்றிக் காட்டுவது, இயற்கை வேளாண் சான்றிதழ், யூகலிப்டஸ் தைலத்தைச் சொந்தப் பெயரில் விற்பது, கோவையில் விநியோகஸ்தர், ஏற்றுமதி.

3. நேரத்தை எண்ணுவது

முழு முறையிலும் இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும்.

அன்றாட வேலை போக, இலக்கு வேலைக்கு யாரால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும்? உரிமையாளர் 10, பேக்கிங் மேற்பார்வையாளர் 6, கணக்காளர் 6. ஆக 22 மணி. இதை 52 வாரத்தால் பெருக்கினால் கணக்கு பொய்யாகிவிடும். ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசிவரை 7 வாரம் போய்விடும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் முதல் தீபாவளிக்கு அடுத்த வாரம்வரை 5 வாரம். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு 2. மழையில் மண் சரிந்து சாலை அடைபடுவதும் மின்சாரம் போவதுமாக 3 வாரத்தை ஒதுக்குவது நியாயம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை அப்படித்தான். மிஞ்சுவது 35 வாரம். 22-ஐ 35-ஆல் பெருக்கினால் 770 மணி.

இந்த 770-ஐயும் முழுதாகச் செலவழிக்கத் திட்டமிட வேண்டாம். ஒருவருக்குக் காய்ச்சல் வரும், ஒருவர் வீட்டில் கல்யாணம் வரும். முக்கால் பங்கை மட்டும் எடுங்கள்: ஏறத்தாழ 580 மணி.

அடுத்து ஒவ்வொரு தாளிலும் அந்த வேலை எத்தனை மணி கேட்கும் என்று எழுதுங்கள். தோராயம் போதும். ஆனால் அதைச் செய்யப்போகிறவரே சொல்ல வேண்டும். உரிமையாளர் சொன்னால் பாதிதான் வரும். உதாரண நிறுவனத்தில் 11 தாள்களையும் கூட்டியபோது 2,470 மணி வந்தது. கையில் இருப்பது 580. நான்கு பங்குக்கும் மேல் அதிகம். இந்த இரண்டு எண்ணையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எல்லோர் பார்வையிலும் வைத்தபிறகு, ‘எல்லாமே முக்கியம்தானே’ என்ற வாதம் பெரும்பாலும் எழாது.

4. மூன்றை எடுப்பது

ஒவ்வொரு தாளையும் இரண்டு கேள்வியால் சோதியுங்கள். இது நடந்தால் வேறு எந்தச் சிக்கல் தானாகக் குறையும்? இது நடந்ததா இல்லையா என்பதை எந்த எண்ணால் சொல்வோம்? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் அந்தத் தாள் இன்னும் இலக்காகவில்லை.

கடன் பாக்கியை எடுத்துக்கொள்வோம். கடைகளுக்கு ஆண்டுக்கு 34 லட்சம் கடன் விற்பனை; நாளுக்கு ஏறத்தாழ 9,300 ரூபாய். இன்று நிற்கும் பாக்கி ஆறரை லட்சம். அதை 9,300-ஆல் வகுத்தால் 70. அதாவது சரக்கு கொடுத்து 70 நாள் கழித்துத்தான் பணம் வருகிறது. ‘வசூலைச் சீராக்க வேண்டும்’ என்று எழுதினால் அது வெறும் பேச்சு. ‘70 நாளை அடுத்த பிப்ரவரிக்குள் 40 நாளாகக் குறைப்பது’ என்பது இலக்கு. நடந்தால் சுமார் 2.8 லட்சம் கைக்கு வரும். பாக்டரிக்குப் பணம் தரக் கடன் வாங்குவது குறையும். வழியும் எளியதே: சரக்கு இறக்கும் அன்றே பில், வசூலுக்கு வாரத்தில் ஒரே நாள், முதல் பில் தீராமல் மூன்றாவது லோடு இறங்காது.

ஈரத் தொல்லை இரண்டாவது. டிரையரிலிருந்து வரும்போது தூளில் ஈரம் 3 சதவீத அளவில்தான் இருக்கும். பனிமூட்ட நாளில் மூட்டையைப் பிரித்துப் போட்டுப் பேக்கிங் செய்தால் தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சில வாரத்தில் வாசனை மழுங்கும், சரக்கு திரும்பி வரும். நூறு பாக்கெட்டுக்கு 4 திரும்புவதை 1 ஆக்குவது இலக்கு. இதைச் சரிசெய்யாமல் வாடிக்கையாளரைக் கூட்டினால் புகாரும் சேர்ந்தே கூடும்.

மூன்றாவது ரிசார்ட்டுகள். இப்போது 14 பேர். ஒருவர் மாதம் சராசரியாக 9,500 ரூபாய்க்கு வாங்குகிறார். அதை 24 பேராக்குவது. ரிசார்ட் மேலாளர்களை ஏப்ரலில் பார்க்கப் போனால் வாசலிலேயே திரும்ப வேண்டியிருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட்வரை அவர்களுக்குப் பேச நேரம் உண்டு. ஆகவே ஆகஸ்ட் கடைசிக்குள் 5 புதியவர்கள் என்று நடுவில் ஓர் அடையாளம் வையுங்கள்.

மூன்றுக்கும் தேவை 120, 180, 220. மொத்தம் 520 மணி. 580-க்குள் அடங்குகிறது. ஆனால் இங்கேயே நிறுத்தினால் தவறு. ஆள் வாரியாகவும் பார்க்க வேண்டும். உரிமையாளரிடம் 262 மணி, மற்ற இருவரிடமும் தலா 157. வசூல் கணக்காளருடையது, 120, சரி. ரிசார்ட் உரிமையாளருடையது, 220, சரி. ஈரம் மேற்பார்வையாளருடையது, 180. அவரிடம் இருப்பதோ 157. மொத்தம் சரியாக இருந்தும் ஓர் இலக்கு நடுவழியில் நிற்பது இப்படித்தான். இங்கே ஈரம் புகாத பை விற்பவர்களிடம் பேசி மாதிரி வாங்கும் 30 மணி வேலையை உரிமையாளர் ஏற்றுக்கொண்டால் அவருக்கு 250, மேற்பார்வையாளருக்கு 150. இருவருக்கும் அடங்கிவிடும். நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை என்பதால் எந்தப் பை செல்லும் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு மாதிரிக்குப் போவது நல்லது.

5. மீதி எட்டை விடுவது

தேர்ந்தெடுப்பதைவிட இது கடினம். ‘பிறகு பார்க்கலாம்’ என்று வைத்தால் அது விட்டதாகாது. மார்ச் வந்ததும் யாரோ ஒருவர் சாக்லேட் அச்சுக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நோட்டில் எட்டுக்கும் தனித்தனிப் பக்கம் போடுங்கள். ஏன் விடுகிறோம், என்ன மாறினால் மறுபடி எடுப்போம், இன்று எதை மூட வேண்டும் என்று மூன்று வரி.

ஊட்டிக் கடை: வாடகை பன்னிரண்டு மாதமும் உண்டு. வரும் கூட்டமோ நம் கையில் இல்லை; 2024 மேயில் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரல் முதல் ஜூன்வரை நாளுக்கு இத்தனை வண்டி என்ற வரம்பும் வந்தது. இரண்டு சீசன் பார்த்துவிட்டு எடுக்கலாம். இன்று செய்ய வேண்டியது, கட்டட உரிமையாளரிடம் ‘இந்த ஆண்டு இல்லை’ என்று நேரில் சொல்வது.

சான்றிதழ்: தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு இயற்கை முறைக்கு மாறும் காலமே மூன்று ஆண்டு. தோட்டமும் இவர்களுடையதல்ல. இலை கொடுக்கும் விவசாயிகள் முடிவெடுக்காமல் பாக்கெட் போடுகிறவர் மட்டும் ஓடிப் பயனில்லை. மூட வேண்டியது: ஆலோசகருக்கு மேற்கொண்டு பணம் தருவதை.

சாக்லேட்தான் வலிக்கும். போன ஆண்டு 1.8 லட்சத்துக்கு இயந்திரம் வாங்கி வைத்தாயிற்று. ‘வாங்கியதை வீணாக்கலாமா’ என்று மனம் சொல்லும். அந்தப் பணம் ஏற்கெனவே போய்விட்டது. இன்னும் 300 மணி கொடுத்தாலும் அது திரும்பாது. கேள்வி ஒன்றுதான்: இன்று இந்த இயந்திரம் நம்மிடம் இல்லையென்றால் வாங்குவோமா? இல்லை என்றால் விற்றுவிடுங்கள். பேக்கிங் அறையில் அது நிற்கும்வரை அந்த இலக்கும் நிற்கும்.

யாருக்காவது வாக்குக் கொடுத்திருந்தால், முன்பணம் வாங்கியிருந்தால், பிப்ரவரிக்குள் முடித்துக் கொடுங்கள், அல்லது பணத்தைத் திருப்புங்கள். யோசனையைக் கொண்டுவந்த ஊழியரிடம் உரிமையாளரே காரணத்தைச் சொல்ல வேண்டும். அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அடுத்த ஆண்டு அவர் வாய் திறக்கமாட்டார்.

6. மாதம் அரை மணி

மாதத்தின் முதல் திங்கள், மூன்று எண்கள், மூன்று பேர். நாள், பாக்கெட், ரிசார்ட் எண்ணிக்கை. போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு. ஓர் எண் இரண்டு மாதம் அசையவில்லையென்றால், அந்த மாதத்தில் அதற்கு உண்மையில் எத்தனை மணி நேரம் கொடுத்தோம் என்று பாருங்கள். கொடுக்காததால் அசையவில்லையா, கொடுத்தும் அசையவில்லையா என்பது முக்கியம். முதலாவது என்றால் நேரத்தைத் தின்றது எது என்று தேடுங்கள். பெரும்பாலும் விட்ட எட்டில் ஒன்றாக இருக்கும். இரண்டாவது என்றால் வழியை மாற்றுங்கள், இலக்கை அல்ல.

நடுவில் நல்ல வாய்ப்பு வரும். கோவையிலிருந்து ஒருவர் பெரிய ஆர்டர் பேசுவார். எடுக்கலாம், ஆனால் மூன்றில் ஒன்றை அதே கூட்டத்தில் எடுத்து நோட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான். இலக்கு ஒன்று அக்டோபரிலேயே முடிந்துவிட்டாலும் நான்காவது ஒன்றைக் கொண்டுவர வேண்டாம். மிஞ்சிய மணி நேரத்தை மற்ற இரண்டுக்கும் கொடுங்கள். நோட்டைப் பொங்கலுக்குப் பிறகு பிரித்தால் போதும்.