முட்டிக்கு அடியில் தலையணை வேண்டாம்

முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் கட்டிலில், வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் அடிக்கடி பார்க்கும் தவறு இது: வலிக்கிறதே என்று வீட்டார் முட்டிக்கு அடியில் வைத்த தலையணை. லேசாக மடங்கிய முட்டிக்குள் நீர் தேங்க இடம் கிடைப்பதால் வலி குறைவது உண்மைதான். ஆனால் மணிக்கணக்கில் அப்படியே கிடந்தால் முட்டியின் பின்பக்கத் தசையும் சவ்வும் குறுகி இறுகிவிடும். அப்புறம் கால் முழுசாக நீளாது. மடங்கிய காலோடு நடப்பவருக்குத் தொடை சீக்கிரம் சோர்ந்துபோகும், நடை சாயும்.

பெரம்பூரில் இரண்டாம் மாடியில் இருக்கும் 68 வயது அம்மா ஒருவருக்கு ஆபரேஷனாகிப் பத்தாம் நாள் என்று வைத்துக்கொள்வோம். மல்லாந்து படுத்துக் காலை நீட்டச் சொன்னால், முட்டிக்கு அடியில் உள்ளங்கையே நுழைகிறது. மற்ற காலில் இரண்டு விரல்கூட நுழையவில்லை. இந்த வித்தியாசத்தைத் தினமும் வீட்டாரே பார்க்கலாம்.

செய்ய வேண்டியது, தலையணையை எடுத்துவிட்டுச் சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைப்பது. முட்டியின் பின்பக்கம் எதிலும் படக்கூடாது, விரல்கள் கூரையைப் பார்க்க வேண்டும். முதலில் 5 நிமிடம், பழகியதும் 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. பிறகு துண்டை எடுத்துவிட்டுத் தொடையை இறுக்கி முட்டியைப் படுக்கையை நோக்கி அழுத்தி, 5 விநாடி நிறுத்தித் தளர்த்த வேண்டும். இப்படிப் பத்து முறை. மூச்சைப் பிடிக்கக் கூடாது, சத்தமாக எண்ணினால் பிடிக்க வராது. சீக்கிரம் நீளட்டும் என்று மகனோ மகளோ மேலிருந்து அமுக்குவது கூடாது. வலியில் தசை இன்னும் இறுகும், வீக்கமும் கூடும்.

வலி மாத்திரையின் நேரமும் தவறிப்போகிறது. பயிற்சி முடிந்து வலித்த பிறகு போட்டுக்கொள்கிறார்கள். பிசியோ 10 மணிக்கு வருகிறார் என்றால், டாக்டர் எழுதிய அதே மாத்திரையை இட்லி சாப்பிட்டுவிட்டு 9:15 வாக்கில் போடலாம். கூடுதலாக ஒன்று போடக் கூடாது. முடிந்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, கட்டு நனையாமல் 15 நிமிடம் வைக்கலாம்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது கெண்டைக்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது. ஆபரேஷனுக்குப் பின் அங்கே ரத்தம் உறைந்திருந்தால், தேய்ப்பில் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். முட்டி சில மாதம் கதகதப்பாக இருப்பது சாதாரணம். ஆனால் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் புதிதாக வீங்கி வலித்தாலோ, தையலில் சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைய பயிற்சியை நிறுத்திவிட்டு அறுவை செய்த டாக்டரை உடனே அழைக்க வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நேராக 108.