பேனர் படத்தில் விழுந்த செங்குத்துக் கோடு

தங்கை கல்யாண பேனருக்காக 4500×3000 பிக்சல் படத்தின் இருபுறமும், ஓரத்துக்கு வெளியே AI வரைந்து சேர்க்கும் அவுட்பெயின்டிங்கில் வானத்தை நீட்டி 9000×3000 ஆக்கினேன். பழைய படம் முடியும் இடத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகள். ஓரத்தை மங்கலாக்கினேன், கோடு பட்டையாக அகன்றதுதான் மிச்சம். பிராம்ப்டை மாற்றி மாற்றி இரண்டு நாள் போனது.

100% அளவில் பார்த்தபோதுதான் பிடிபட்டது. நிறம் பொருந்தியிருந்தது. ஆனால் மங்கிய மாலை வெளிச்சத்தில் எடுத்த என் படத்தில் பொடிப்பொடியாக நாய்ஸ். புதிய பகுதியோ வழவழவென்று இருந்தது.

செலக்‌ஷனைப் பழைய படத்துக்குள் 150 பிக்சல் நுழைத்து மறுபடி உருவாக்கினேன். அந்த லேயரை ராஸ்டரைஸ் செய்து, அதில் மட்டும் `Add Noise`: `Gaussian`, `Monochromatic`, 3%. பிறகு மாஸ்க்கின் ஓரத்தை மென்மையான பிரஷ்ஷால் வளைவாகத் தடவினேன். நேர்கோடாக விட்டால் கண் உடனே பிடித்துவிடும். கோடு மறைந்தது, அப்பாடா!